தோள்மேல் ஒரு கை

சீனியின் கல்யாணப் படத்தில் உடம்பு ஏழாவது நெகடிவைச் சேர்ந்தது, தலை நாலாவது நெகடிவைச் சேர்ந்தது. ஒட்டுப் போட்டவள் நான். ஒன்பது வருஷம் அது யார் கண்ணிலும் படாமல் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மங்களம். ஈப்போ டவுனில் சிலிபின் பகுதியில், லியாகத் அலி பாயின் நூர் ஸ்டூடியோவில் படம் திருத்துவது என் வேலை. பரு இருந்தால் எடுப்பேன். பல் இல்லாவிட்டால் வைப்பேன். செத்துப்போன அப்பாவைக் கோட்டும் டையும் மாட்டிக் கல்யாணத்துக்கு வரவழைப்பேன். உயிரோடு இருந்தபோது அந்த மனுஷர் சட்டைகூடப் போட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம். வாடிக்கையாளர்கள் படத்தைப் பார்த்து "அப்படியே இருக்காரு லா" என்று அழுவார்கள். நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

பாய்க்கு ஒரு கிறுக்கு உண்டு. மூல நெகடிவை யாரும் தொடக்கூடாது. பென்சில் படக்கூடாது, கத்தி படவே கூடாது. வெட்டுவது, ஒட்டுவது, மை தடவுவது எல்லாம் பிரிண்டில்தான். ஒட்டி முடித்த பிரிண்டைத் திரும்பப் படம் எடுத்து, அந்த இரண்டாவது நெகடிவிலிருந்துதான் வாடிக்கையாளருக்குக் கழுவித் தருவோம். முதல் நெகடிவ், ஒட்டுப் போட்ட பிரிண்ட், இரண்டாவது நெகடிவ் எல்லாம் ஒரே பழுப்பு உறைக்குள் போகும். கூடவே ஒரு சீட்டு. சேர்த்தது என்ன, எடுத்தது என்ன, சொன்னது யார், தேதி, சொன்னவர் கையெழுத்து. ஒரு பருவை எடுத்தாலும் எழுத வேண்டும். பருவுக்குப் பிறந்த தேதி எழுதவில்லையே என்று நான் திட்டிக்கொண்டேதான் எழுதுவேன்.

இந்தக் கிறுக்கு பிடித்ததற்குக் காரணம் உண்டு. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், ஒரு மருமகன் சொன்னான் என்று குடும்பப் படத்தில் இருந்த மாமியாரை பாய் நெகடிவிலேயே கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். மூணாம் மாதம் அந்த அம்மா போய்ச் சேர்ந்தது. மாலை போடப் படம் வேண்டும் என்று அதே மருமகன் வந்து நின்றான். அந்த அம்மாவுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு முகம்தான், அதுவும் பாயின் கத்தி நுனியில் தூளாகப் போயிருந்தது. பாய் ஒரு வாரம் தைப்பிங்கில் தங்கச்சி வீட்டில் ஒளிந்திருந்தார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக உறை வாங்கினார்.

எண்பத்து மூணாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. கடையைத் திறந்து அரைமணி ஆகவில்லை, நல்லம்மாள் உள்ளே வந்தாள். செமோர் பக்கத்து ஆறாங்கட்டை ரப்பர் தோட்டத்துப் பெண். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபின் ஈப்போவில் ஒரு பிஸ்கட் பேக்டரியில் வேலை பார்த்தாள். எட்டு வயதில் ஒரு மகள். கையில் துணி சுற்றிய ஒரு படம். அதை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இது யாரு கை?"

பார்த்தேன். எழுபத்து நாலில் நான் செய்த படம்தான். தோட்டத்து மாரியம்மன் கோயில், மணவறை, சீனி அவள் கழுத்தில் தாலி கட்டுகிறான், முகம் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. தலை அழகாகவே உட்கார்ந்திருந்தது. ஆனால் அவன் இடது தோளில், மாலைக்கு அடியிலிருந்து, நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரல்களுக்குப் பின்னால் கை இல்லை. கைக்குப் பின்னால் ஆள் இல்லை. சேலைத் திரை மட்டும் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

எனக்கு வியர்த்துவிட்டது. ஆளை எடுத்தவள் விரலை விட்டுவிட்டேன். மாலையின் பூ என்று அன்றைக்கு நினைத்திருக்க வேண்டும். ஒன்பது வருஷமாக ஒரு குடும்பத்தின் சுவரில் என் முட்டாள்தனம் கண்ணாடி போட்டுத் தொங்கியிருக்கிறது.

"என்னா ஆச்சு சொல்லு" என்றேன்.

சொன்னாள். சீனி லாரி ஓட்டுகிறவன். ஆறு மாதமாக வீட்டுக்கு வருவதில்லை. தாப்பாவில் பஸ் கம்பெனி வைத்திருக்கிற ஒருவரின் மகளைக் கட்டிக்கொள்ளத் திருமணப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததைப் பார்த்த ஒரு தோழி ஓடிவந்து சொல்ல, இவள் போய் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு பெண்டாட்டி இருக்கும்போது இன்னொன்று கட்ட முடியாது. பழைய கோயில் கல்யாணம் பதியாவிட்டாலும் செல்லும். ஆனால் அது நடந்தது என்று காட்ட வேண்டும்.

"நீ எம்பொண்டாட்டியே இல்லன்னு சொல்லிட்டான்க்கா. சும்மா சேந்து இருந்தோம், தாலியெல்லாம் கட்டலன்னு. அவன் மாமா மாயாண்டியும் கூட வந்து சத்தியம் பண்றாரு, நான் கோயில் தலைவரு, எங்கோயில்ல அப்படி ஒரு கல்யாணமே நடக்கலன்னு."

"பூசாரி?"

"செத்துட்டாரு. எங்கப்பாவும் இல்ல. மத்தவங்க எல்லாம் மாயாண்டிய எதுத்து வாயத் தொறக்க மாட்டாங்க. படத்த எடுத்துட்டுப் போயி காட்டுனேன். சீனி வாங்கிப் பாத்துட்டு சிரிக்கிறான்க்கா. 'இங்க பாருங்கம்மா, ஆளே இல்லாம ஒரு கை இருக்கு. இது ஒட்டுப் படம். எந்தலைய எங்கியோ இருந்து எடுத்து வச்சிருக்காங்க'ன்னு. அந்த அதிகாரி அம்மாவும் பூதக்கண்ணாடி வச்சிப் பாத்துட்டு ஆமான்னுட்டாங்க. வர்ற திங்கக்கெழம வேற ஆதாரம் கொண்டாரலன்னா எம்மனு தள்ளுபடி."

அதுவரை நிதானமாகச் சொன்னவளுக்கு அப்புறம் குரல் உடைந்தது. "அவன் வேணாம்க்கா எனக்கு. எங்கியாச்சும் போயி ஒழியட்டும். ஆனா என்னைய வச்சிருந்தவன்னு எழுதிட்டாங்கன்னா எம்மவ என்னா ஆவா?"

எனக்குச் சீனிமேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. உண்மையான ஒரு கல்யாணத்தை நான்தான் பொய்யாக்கி வைத்திருந்தேன்.

அதில் கேவலம் என்னவென்றால், ஒட்டுப் போடச் சொன்னது நல்லம்மாள் வீட்டார் இல்லை, மாயாண்டிதான். நன்றாக ஞாபகம் இருந்தது. பாய் ரெட்டைக் கண் கேமராவில் பன்னிரண்டு படம் எடுத்துவந்தார். அதில் தாலி கட்டும் படம் ஒன்றே ஒன்று. அதில் மாப்பிள்ளை கோப்பெங் ரோட்டிலிருந்து மணவறைவரை குடித்துக்கொண்டே வந்தவன்போல, கண் செருகி, வாய் பிளந்து நின்றான். பின்னால் மாயாண்டி ஒரு கையால் அவனை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய இன்னொரு கையில் ஸ்டவுட் பீர் போத்தல். அந்த வருஷம்தான் அவர் தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொல்லி ஊர்வலம் போயிருந்தார். முன்வரிசையில், மாலையோடு.

படத்தைப் பார்த்துவிட்டு மனுஷர் கடைக்குப் பறந்து வந்தார். "மருமவனுக்கு நல்ல தலையா போடு. என்னைய எடுத்துடு. பழசக் கிழிச்சுப் போட்டுடு." நான் அவர் கண்ணெதிரே ஒரு பிரிண்டை நாலாகக் கிழித்துப் போட்டேன். அதுதான் பழசு என்று நம்பிவிட்டுப் போனார். பிரிண்டுக்கு முன்னால் நெகடிவ் என்று ஒன்று இருப்பது தெரியாதவர்கள் அப்போது ஏராளம்.

உள்ளே இருட்டறையிலிருந்து பாய் வந்தார். படத்தைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "கை நல்லாத்தான் வச்சிருக்க, தங்கச்சி" என்றார். பதினாலு வருஷத்தில் அவர் அடித்த ஒரே ஜோக், அதுவும் இந்த நேரம் பார்த்து.

"பாய், நான்தான் ஒட்டுனேன்னு அங்க போயி ஒத்துக்கிட்டா நம்ம கடை பேரு நாறிடும்."

"ஒட்டுனது ஒட்டுனதுதானே? சீட்டு எழுதலியா நீ?"

"எழுதுனேன்."

"அப்ப என்னா பேசுற. போயி உறைய எடு."

எடு என்று லேசாகச் சொல்லிவிட்டார். எழுபத்து நாலு அலமாரியில் 'ந' வரிசையில் இல்லை, 'ச' வரிசையிலும் இல்லை. செவ்வாய் முழுக்கத் தேடினேன். புதன் காலை பூரான் ஒன்று கிடைத்தது, உறை கிடைக்கவில்லை. நல்லம்மாள் வேலை முடிந்து இரண்டு நாளும் வந்து வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் பஸ் ஏறினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மாயாண்டியே வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. வலது கையை ஜிப்பாப் பைக்குள் விட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னாம்மா மங்களம், சௌக்கியமா? அந்தப் பழைய படத்த அன்னிக்கே கிழிச்சிட்டேல்ல?"

"உங்க கண்ணு முன்னாலதானே கிழிச்சேன், தலைவரே."

"அதான். கெட்டிக்காரப் புள்ள. இந்த வருஷம் திருவிழா படம் எல்லாம் பாய்க்கே குடுக்கலாம்னு கமிட்டியில பேசியிருக்கோம்." எழுந்து போகும்போது சொன்னார், "நம்ம பேரும் கடைக் கணக்குல எங்கியும் இல்லல்ல?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவர் படி இறங்கியதும் 'ம' வரிசைக்கு ஓடினேன். ஆர்டர் கொடுத்தவர் பெயரில் அடுக்குவது எங்கள் வழக்கம். கல்யாணப் படம் என்றதும் பெண், மாப்பிள்ளை பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தேன், புத்தி கெட்டவள். மாயாண்டி, ஆறாங்கட்டை. தடிப்பான உறை. அவர் வந்து கேட்டிருக்காவிட்டால் நான் இன்றைக்கும் தேடிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை நல்லம்மாளும் நானும் பாயும் போனோம். பாய் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். எதிரே சீனி, நல்ல முகவெட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்தத் தலையை எனக்குத் தெரியும் என்பதால் சிரிப்பு வந்தது. பக்கத்தில் மாயாண்டி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததாகச் சொல்ல முடியாது, விபூதி மட்டும்தான் வெள்ளை, ஆனால் கால் ஆட்டுவதை நிறுத்தினார்.

அதிகாரி கண்ணாடி போட்ட மலாய்க்கார அம்மா. என்னைப் பார்த்து, இந்தப் படம் உண்மையா பொய்யா என்று மலாயில் கேட்டார்.

"ஒட்டுப் படம்தான் அம்மா. நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

சீனி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். நல்லம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் விரல் ஐஸாக இருந்தது.

பாய் உறையைப் பிரித்து, ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். மூணு மூணு படமாக வெட்டிய நாலு பிலிம் துண்டு. நடுவில் இருந்த இரண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்படி என்னிடம் சொன்னார். ஓரத்தில் பிலிம் கம்பெனி அச்சடித்த எண்கள் இருந்தன. நாலு, ஐந்து, ஆறு ஒரு துண்டு. ஏழு, எட்டு, ஒன்பது அடுத்தது. ஆறின் முனையையும் ஏழின் முனையையும் சேர்த்து வைத்தேன். கத்தரிக்கோல் கொஞ்சம் கோணலாகப் போயிருந்தது, இரண்டு கோணலும் சரியாகப் பொருந்தின. ஒரே சுருள், ஒரே நாள்.

"தலை இதிலிருந்து வந்தது" என்று நாலைக் காட்டினேன். மாப்பிள்ளை கோயில் வாசலில் வந்து இறங்கும் படம், அப்போது இன்னும் கண் திறந்திருந்தது. "உடம்பு இதில் இருக்கிறது" என்று ஏழைக் காட்டினேன். பின்னால் தொங்கும் திரை இரண்டாவது படத்தில் இருந்த காலி மணவறை. ஒட்டுப் போட்ட பிரிண்டையும் சாய்த்துக் காட்டினேன். முன்னால் தெரியாது, சாய்த்தால் கழுத்தைச் சுற்றி வெட்டிய விளிம்பு மேடாகத் தெரியும். கடைசியாக, மூல நெகடிவிலிருந்து பாய் முந்தின நாள் கழுவிய பெரிய பிரிண்ட். அதில் ஒரு புள்ளி மைகூட நாங்கள் வைக்கவில்லை.

அதிகாரி அம்மா அந்தப் பிரிண்டைத் தன் பக்கம் திருப்பினார். செருகிய கண்ணோடு, பிளந்த வாயோடு, சீனி நல்லம்மாள் கழுத்தில் தாலி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். சந்தேகமே இல்லை, சீனியேதான். சீனி எட்டிப் பார்த்தான். தன் கல்யாணத்தை முதல்முறையாகப் பார்க்கிறவன் முகம் அது. உண்மையில் முதல்முறைதான், அன்றைக்கு அவன் எதையும் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

"யாரு மாமா இது பின்னால?" என்றான் சீனி. கழுதை, கூட்டாளியையே கேட்டான்.

"சும்மா இருடா" என்றார் மாயாண்டி.

சீனியின் தோளில் இருந்த விரல்களுக்கு இப்போது கை இருந்தது, கைக்கு ஆளும் இருந்தார். இன்னொரு கையில் போத்தல். ஆனால் அந்த ஆள் பிளாஷ் வெளிச்சத்தில் பாதி முகத்தைத் திருப்பியிருந்தார். ஒன்பது வருஷம் இளையவர், மீசை வேறு.

"அது நான் இல்லம்மா" என்றார் மாயாண்டி. "நான் அன்னிக்கு ஊர்லயே இல்ல."

அதிகாரி அம்மா பூதக்கண்ணாடியை எடுத்தார். தோளில் இருந்த நாலு விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல். மோதிர விரல் பாதியில் நின்றது. சுண்டுவிரல். நிமிர்ந்து மாயாண்டியைப் பார்த்தார்.

"தாங்கான் சியாப்பா இனி?" இது யார் கை என்று மலாயில் கேட்டார். அப்புறம், "உங்கள் கையைக் கொஞ்சம் மேஜைமேல் வையுங்கள்" என்றார்.

மாயாண்டி இடது கையை வைத்தார்.

"மற்றது."

ரப்பர் ஷீட் அழுத்தும் உருளையில் பாதி விரலைக் கொடுத்த கதையைக் கோயில் மேடையில் ஏறும்போதெல்லாம் சொல்லி ஓட்டு வாங்கினவர் அவர். அன்றைக்கு அந்தக் கை ஜிப்பாப் பையைவிட்டு வெளியே வர மறுத்தது. சீனிதான் திரும்பி, பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக அவன் வாய் பிளந்தது. அப்போதுதான் அவன் படத்தில் இருந்த மாதிரியே இருந்தான்.

அதிகாரி அம்மா காத்திருக்கவில்லை. உறைக்குள் மீதம் இருந்த சீட்டை எடுத்து, தமிழில் எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்று என்னிடம் நீட்டினார். கீழே, அன்றைக்கு அவசரத்தில் வாசிக்காமலே போட்ட மாயாண்டியின் கையெழுத்து, கோயில் ரசீதுகளில் போடுகிற அதே நீண்ட வால் வைத்த கையெழுத்து. நான் வாசித்து மலாயில் சொன்னேன்.

"சேர்த்தது: மாப்பிள்ளை தலை, நாலாம் நம்பரிலிருந்து. சேர்த்தது: திரை, ரெண்டாம் நம்பரிலிருந்து. எடுத்தது: மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் மாமா, போத்தலோடு."

நாலாவது வரி ஒன்று இருந்தது. என் கையெழுத்துதான். எழுதிய ஞாபகம் சுத்தமாக இல்லை. எத்தனை பெண்களுக்கு அதைச் செய்திருக்கிறேன், எதை என்று ஞாபகம் வைப்பது. அதிகாரி அம்மா, இன்னும் ஒரு வரி இருக்கிறதே என்றார். வாசித்தேன்.

"எடுத்தது: பெண் கண்ணீர், ரெண்டு கன்னத்திலும்."

அதிகாரி அம்மா பேனாவை மூடி, சீனியிடம், உங்கள் புதுக் கல்யாணத்துக்கு என்னால் சான்றிதழ் தர முடியாது, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள், ஆனால் போத்தலையும் கூடக் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்றார். மாயாண்டி எழுந்து, யாருக்கும் வணக்கம் சொல்லாமல் வெளியே போனார். வணக்கம் சொல்ல இரண்டு கை வேண்டும். சீனி பின்னாலேயே போனான்.

நல்லம்மாள் போகவில்லை. பெரிய பிரிண்டைத் தன் பக்கம் இழுத்தாள். சீனியையும் பார்க்கவில்லை, அந்தக் கையையும் பார்க்கவில்லை. இருபத்தோரு வயது நல்லம்மாளைப் பார்த்தாள். தலை குனிந்து, இரண்டு கன்னத்திலும் பிளாஷில் மின்னும் ஈரக் கோடு.

"அழுதேனாக்கா?" என்றாள். "எனக்கு ஞாபகம் இல்ல. வீட்டுல அந்தப் படத்தப் பாத்துப் பாத்து, சந்தோசமாத்தான் உக்காந்திருந்தேன்னு நெனச்சிட்டிருந்தேன். சண்ட வரும்போதெல்லாம் அவனும் அதத்தான் காட்டுவான். பாரு, நீ இஷ்டப்பட்டுத்தானே கட்டிக்கிட்டன்னு."

எல்லாப் பெண்ணும் மணவறையில் அழும், எல்லா வீட்டிலும் எடுக்கச் சொல்வார்கள், அதனால் நான் யாரும் சொல்லாமலே எடுத்துவிடுவேன். மெல்லிய தூரிகை, ரெண்டு சொட்டு மை, அஞ்சு நிமிஷ வேலை. இத்தனை நாள் அதை ஒரு உதவி என்று நினைத்திருந்தேன்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

கடைக்குத் திரும்பியதும் ஒரு பிரிண்ட் வேண்டும் என்றாள். சுவரில் மாட்ட, பழைய படத்தின் அதே அளவில். செருகின கண்ணும், போத்தலும், பாதி விரலும், கண்ணீரும் எல்லாம் வேண்டும், மகள் பெரியவள் ஆனதும் பார்க்கட்டும் என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அந்தப் பொய்ப் படத்தயும் உறையிலயே வச்சிருங்கக்கா, தூக்கிப் போட்டுறாதீங்க" என்றாள். பாய்க்குக் காது குளிர்ந்திருக்கும், இருட்டறைக்குள் போய் விசில் அடித்தார்.

நான் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு எழுதினேன். சேர்த்தது: ஒன்றும் இல்லை. எடுத்தது: ஒன்றும் இல்லை. சொன்னது யார் என்ற இடத்தை அவள் பக்கம் திருப்பினேன். பேனாவை வாங்கி, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நல்லம்மாள் என்று எழுதினாள்.